ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு

அந்த நாற்காலி வாசலில் மாட்டிக்கொண்டபோது நான் டியூட்டி முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தேன். தெருமுனையிலேயே கூட்டம் தெரிந்தது. என் வீட்டு வாசலில் கூட்டம் என்றால் ஒரு நர்ஸுக்கு முதலில் என்ன தோன்றும்? யாருக்கோ மயக்கம், யாருக்கோ அடி. பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினேன்.

மயக்கம் யாருக்கும் இல்லை. ஒரு பெரிய கறுப்பு ரெக்சின் நாற்காலி, பாதி உள்ளே பாதி வெளியே, நிலைப்படியில் இறுகி நின்றது. உள்ளே என் மகள் அதன் தலைப்பக்கத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். வெளியே என் கணவரும் உப்பளத்து ஆட்கள் இருவரும் கால்பக்கத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"வந்துட்டியா? மசாஜ் சேர். ரிசார்ட்டை மூடறாங்களாம், எல்லாத்தையும் வித்துக்கினு இருக்காங்க. புதுசு ஒரு லட்சத்துக்கு மேல ஆவும். நான் எவ்ளோக்கு முடிச்சேன் சொல்லு?"

நான் வாய் திறக்கும் முன் அவரே சொன்னார்.

"பதினாலாயிரம்!"

செப்டம்பர் பாதி தாண்டியிருந்தது. மரக்காணத்தில் உப்பளத்தை நம்பி இருக்கும் வீடுகளில் அந்த மாதத்துக்கு ஒரு அர்த்தம் உண்டு. தை, மாசியில் பாத்தி கட்டி, வெயில் காலம் முழுக்க உப்பு வாரி, புரட்டாசியோடு வேலை ஓய்ந்துவிடும். அப்புறம் மழை. மூன்று மாதம், சில வருஷம் நான்கு மாதம், பாத்தியெல்லாம் ஏரி மாதிரி கிடக்கும். அந்த மாதங்களுக்கென்று கடைசி உப்பு விற்ற காசை ஒதுக்கி வைப்போம். பதினாலாயிரம் அதிலிருந்துதான் போயிருந்தது.

எனக்கு நல்ல வேலைதான், ஆனால் நிரந்தரம் இல்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்பந்த நர்ஸ், மாதம் பதினெட்டாயிரம். என் கணவருக்கு அண்ணன் தம்பியோடு உப்பளத்தில் ஒரு பங்கும், சொந்தமாக ஒரு சின்ன லோடு வண்டியும் உண்டு. சீசனில் அவர் கையில் தினமும் காசு புரளும். ஆள் கூலி, டீசல் போக மிச்சம் இருப்பது அவருடையது. அது வீட்டுக்கு வந்து சேரும் வழியில் பல ஊர்களில் நின்று நின்றுதான் வரும். கூனிமேட்டில் நண்பர்களுக்குப் பரோட்டா, அக்கா பிள்ளைகளுக்கு பொம்மைக் கார், படகு வந்த நேரம் பார்த்து ஒரு கூடை சங்கரா. நாங்கள் மூன்று பேர்தான் வீட்டில். மீன் மட்டும் பத்து பேருக்கு வரும். பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்துவிட்டு, "எல்லாரும் சந்தோஷமா சாப்பிடட்டுமே" என்பார்.

நான் அதற்கு நேர் எதிர். பால் பாக்கெட்டைத் தண்ணீர் விட்டு அலசி அந்தத் தண்ணீரையும் டீயில் ஊற்றுகிறவள். செருப்பு மூன்று முறை தைத்தது. கடையில் எதைத் தொட்டாலும் முதலில் விலைச் சீட்டைத்தான் திருப்பிப் பார்ப்பேன். பார்த்துவிட்டு வைத்துவிடுவேன்.

அன்று கதவைக் கழற்றித்தான் நாற்காலியை உள்ளே கொண்டுபோனார்கள். ஆட்கள் போனதும் கேட்டேன்.

"ஏங்க, ஐப்பசி கார்த்திகையில இந்த சேரை வறுத்துத் தின்னலாமா, குழம்பு வெச்சுத் தின்னலாமா?"

"எப்பவும் இதே பேச்சு. பத்து வயசுலேந்து உப்புத் தண்ணியில நின்னவன் நான். இந்த முதுகு எனக்கு மட்டும்தான் தெரியும். என் சம்பாத்தியத்துல எனக்கு ஒரு சேர் வாங்க உரிமை இல்லியா?"

"உரிமை இருக்குது. காசுதான் இல்ல."

மகள் அப்போது பதினோராம் வகுப்பு. புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விட்டாள். எங்கள் சண்டையின் நேரம் அவளுக்கு மனப்பாடம்.

அது பழகிய சண்டைதான். அதோடு போயிருக்கும். ஆனால் நான்கு நாள் கழித்து வேறொன்று நடந்தது. கரண்ட் பில் அட்டையைத் தேடி அவர் பீரோவைத் திறந்திருக்கிறார். என் புடவைகளுக்கு அடியில் இரண்டு தபால் ஆபீஸ் பாஸ் புத்தகங்கள் இருந்தன. ஐந்து வருட ஆர்.டி. ஒன்றில் மாதம் ஐந்நூறு, இன்னொன்றில் ஆயிரம். இரண்டும் என் பெயரில். இரண்டுமே அவருக்குத் தெரியாது.

நான் வேலையிலிருந்து வந்தபோது அவர் புது நாற்காலியில் உட்காரவில்லை. தரையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு புத்தகங்களும் எதிரில் இருந்தன. கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"நான் தப்பு பண்ணலாம்," என்றார். "வாசல்ல வெச்சு, ஊரே பாக்க பண்றேன். மூணு வருசமா நீ என்கிட்ட மறைச்சிருக்க. நான் என்ன, திருடனா?"

வீட்டுக்குத்தான் சேர்த்தேன், மகளின் காலேஜுக்குத்தான் சேர்த்தேன் என்று சொல்லலாம். உண்மையும் அதுதான். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது. போன வருஷம் வண்டிக்கு டயர் மாற்ற அவர் அண்ணனிடம் கைமாற்று வாங்கினார். அன்று எங்கள் பீரோவில் பணம் இருந்தது. நான் சொல்லவில்லை.

மூன்று நாள் இரண்டு பேரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. "சோறு ஆயிடுச்சு", "சாவி எங்க" என்ற அளவில் போனது. அந்த மூன்று நாளில் எனக்கு என் அப்பாவின் நினைவாகவே இருந்தது. நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், சித்திரையில் யாரும் எதிர்பார்க்காத மழை. குவித்து வைத்திருந்த உப்பை ஓலை போட்டு மூடக்கூட நேரம் கிடைக்கவில்லை. விடிந்தபோது குவியல் இருந்த இடத்தில் ஈரம்தான் இருந்தது. அந்த வருஷம் அம்மா எந்தெந்த வீட்டில் அரிசி வாங்கினாள் என்று எனக்கு இன்றும் வரிசையாகச் சொல்ல முடியும். என் கணவர் வீட்டிலும் அதே மழைதான் பெய்தது. அவர்கள் உப்பும்தான் கரைந்தது. அதிலிருந்து நான் கற்றுக்கொண்டது, கிடைப்பதைப் பிடித்து வை என்று. அவர் கற்றுக்கொண்டது, கரைவதற்குள் அனுபவித்துவிடு என்று.

எங்கள் சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியனாக ஒரு பெண் இருக்கிறாள். கூனிமேட்டுக்காரி, என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள், கல்யாணமாகி இரண்டு வருஷம். மதியம் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் சாப்பிடுவோம். நான்காவது நாள் நான் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன்.

"என்னாக்கா, உடம்பு சரியில்லியா?"

சொல்லிவிட்டேன். நாற்காலி, பாஸ் புத்தகம், எல்லாம். அவள் நாற்காலிக்குச் சிரித்தாள். பாஸ் புத்தகத்துக்குச் சிரிக்கவில்லை.

"எங்க வூட்டுலயும் இதே தகராறுதான் அக்கா, நிக்காஹ் ஆன புதுசுல. ஆனா நான்தான் உங்க வூட்டுக்காரர் மாதிரி," என்றாள். "மாசத்துக்கு ரெண்டு சுடிதார். அவரு ஒண்ணுமே சொல்ல மாட்டாரு. பையைப் பாப்பாரு, பெருமூச்சு வுடுவாரு. அந்தப் பெருமூச்சுக்குப் பதிலா நாலு அடி அடிச்சிருக்கலாம்னு தோணும்."

"அப்புறம்?"

"அப்புறம் கைச்செலவு பிரிச்சோம். வூட்டுச் செலவு, சேமிப்பு எல்லாம் மொதல்ல எடுத்து வெச்சிடுவோம். அதுக்கப்புறம் அவருக்கு ஒரு தொகை, எனக்கு ஒரு தொகை. ரெண்டும் ஒரே அளவு. அதை நான் சுடிதார் வாங்கினாலும் சரி, கடல்ல போட்டாலும் சரி, அவரு கேக்கக் கூடாது. அவரு செலவே பண்ணாம பூட்டி வெச்சாலும் நான் கேக்கக் கூடாது."

"தீந்து போச்சுன்னா?"

"தீந்து போச்சுன்னா அடுத்த மாசம்தான். முன்பணம் குடுத்தீங்கன்னா அன்னைக்கே எல்லாம் போச்சு அக்கா. ஆனா ஒண்ணு. தொகை ரொம்பக் கம்மியா வெக்காதீங்க. அம்பது நூறுன்னு வெச்சா அது கைச்செலவு இல்ல, தண்டனை."

எனக்கு உடனே பிடிக்கவில்லை. புருஷனுக்குப் பாக்கெட் மணியா என்று இருந்தது. எனக்கும் சேர்த்து என்று அவள் சொன்னது அதைவிட விசித்திரமாக இருந்தது. நான் என்ன செலவு செய்யப்போகிறேன்?

ஞாயிற்றுக்கிழமை காலையில், அவர் டீ குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, இரண்டு பாஸ் புத்தகங்களையும் என் சம்பளக் கணக்குப் புத்தகத்தையும் அவர் முன்னால் வைத்தேன். "இவ்ளோதான். வேற எங்கேயும் ஒண்ணும் இல்ல. மறைச்சது தப்பு," என்றேன்.

அவர் எழுந்து போய் சட்டைப் பையிலிருந்து ஒரு மடித்த காகிதத்தை எடுத்து வந்தார். நண்பர்களுக்குக் கொடுத்த கைமாற்று, யார் யார், எவ்வளவு. ஏழாயிரம் சொச்சம். அது எனக்குத் தெரியாது.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். ஒரு வாரத்தில் முதல் சிரிப்பு.

லேப் பெண் சொன்ன யோசனையை அவரிடம் சொன்னேன். அன்று மதியம்வரை கணக்கோடு உட்கார்ந்தோம். சீசன் மாதத்தை வைத்துத் திட்டம் போட்டால் மழையில் கவிழ்ந்துவிடும் என்பதால், இரண்டு பேர் வருமானத்தையும் வருஷத்துக்குக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தோம். வீட்டுச் செலவு, வண்டித் தவணை, மகளின் டியூஷன், மொய், ஆர்.டி., மழைக்காலத்துக்கு ஒதுக்குவது எல்லாம் போக நாலாயிரம் மிஞ்சியது. ஆயிரத்தை அவசரத்துக்கென்று விட்டோம். மிச்சம் ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு.

"அதென்ன ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி?" என்றார் அவர். "நான்தான கூட சம்பாதிக்கிறேன்?"

"சித்திரை வைகாசியில கூட சம்பாதிக்கிறீங்க. கார்த்திகையில நான்தான் கூட. அப்போ உங்களுக்கு ஒண்ணும் கிடையாது, எனக்குத்தான்னு சொன்னா ஒத்துக்குவீங்களா?"

அவர் யோசித்தார். "ஒரே மாதிரியே இருக்கட்டும்," என்றார்.

அதைவிடக் கடினமாக இருந்தது எது கைச்செலவு, எது வீட்டுச் செலவு என்பது. உப்பளத்து ஆட்களுக்கு டீ, வடை? அது வேலைச் செலவு என்றார், ஒப்புக்கொண்டேன். கூனிமேட்டுப் பரோட்டா? அதுவும் வேலைச் செலவு என்றார். "பரோட்டா தின்னா உப்பு வெளையுமா?" என்று கேட்டேன், விட்டுக்கொடுத்தார். மூன்று பேருக்கான மீன் வீட்டுச் செலவு, அதற்கு மேல் வாங்கும் மீன் அவர் காசு. கல்யாண மொய் பொது, அக்கா பிள்ளைகளுக்குப் பொம்மை அவர் பை. என் பஸ் காசு பொது. பொதுக் காசில் மூவாயிரத்துக்கு மேல் எதை வாங்குவதென்றாலும், வீட்டுக்காக இருந்தாலும், இரண்டு பேரும் பேசிவிட்டு.

மறுநாளே வங்கிக்குப் போய் இரண்டு பேர் பெயரிலும் ஒரு கணக்குத் தொடங்கினோம். என் சம்பளம், அவர் வருமானம் எல்லாம் அதில் சேர வேண்டும். முதல் தேதி ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு அவரவர் பழைய கணக்குக்குப் போய்விடும். ஒரு முக்கியமான வேலையை மகள் செய்தாள். அவர் போனில் கடைகளில் ஸ்கேன் செய்து பணம் கட்டுவாரே, அதில் அவருடைய கைச்செலவுக் கணக்கை மட்டும் இணைத்தாள். பொதுக் கணக்கு அதில் வராது. "இல்லன்னா அப்பாவுக்கு எது எந்தக் காசுன்னே தெரியாது," என்றாள்.

கேட்கக் கூடாது என்ற சட்டத்துக்கு ஒரு தண்டனை வேண்டுமென்று சொன்னதும் அவள்தான். அடுத்தவர் கைச்செலவைப் பற்றி "எவ்ளோ" என்றோ "எதுக்கு" என்றோ கேட்டால் பத்து ரூபாய். அது அவளுக்கு.

நாற்காலியை விற்றுவிடலாமா என்று அவரே கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த வாரம் ஒரு நாள் இரண்டு பிரசவ கேஸ் பார்த்துவிட்டு கால் வீங்கி வந்தேன். வீட்டில் யாரும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு இருபது நிமிடம் அதில் உட்கார்ந்தேன். அது முதுகைப் பிசைந்த பிசைவில் கண்ணீரே வந்துவிட்டது. அதை அவரிடம் சொல்லவில்லை.

முதல் மாதம், அக்டோபர். எட்டாம் தேதி அவர் ஆயிரத்து ஐந்நூறு முடிந்துபோனது. ஒன்பதாம் தேதி காலை என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஒரு முந்நூறு மட்டும். நவம்பர்ல புடிச்சிக்க."

வாயில் "சரி" வந்துவிட்டது. லேப் பெண் சொன்னது நினைவுக்கு வந்தது. "முன்பணம் கிடையாதுங்க," என்றேன். சொல்லும்போது பாவமாகத்தான் இருந்தது. அவர் கோபப்படவில்லை. ஒரு மாதிரி வியப்போடு என்னைப் பார்த்தார். சண்டை இல்லாமலே பணம் கிடைக்கவில்லை என்பது அவருக்குப் புதிது.

அந்த மாதம் மிச்ச நாளெல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்கே வீட்டுக்கு வந்தார். முதல் நான்கு நாள் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐந்தாம் நாள் மகளுக்கு இயற்பியலில் ஏதோ சந்தேகம், அவருக்கு அது தெரியாது, ஆனால் பம்ப் செட் மோட்டார் எப்படி ஓடுகிறது என்று தெரியும். இரண்டு பேரும் பழைய மோட்டாரைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். வீடு முழுக்கக் கிரீஸ். எனக்கு அது பிடித்திருந்தது.

நண்பர்களிடம் வெட்கமாக இருந்தது என்று பிறகு சொன்னார். பரோட்டாக் கடையில் கணக்குக் கொடுக்கும் நேரம் வந்ததும் எல்லோரும் வழக்கம்போல இவர் முகத்தையே பார்த்திருக்கிறார்கள். "டேய், என் பட்ஜெட் முடிஞ்சிடுச்சுடா, நீங்க குடுங்கடா" என்று சொல்லியிருக்கிறார். அப்புறம் ஒருவர் கொடுத்தாராம். அடுத்த முறை இன்னொருவர். "இத்தினி வருசமா அவனுங்க கிட்டயும் காசு இருந்திருக்குது!" என்றார் என்னிடம், பெரிய கண்டுபிடிப்பு மாதிரி. கைமாற்று ஏழாயிரத்தில் நாலாயிரமும் அந்த மாதத்துக்குள் திரும்பி வந்தது. அதுவரை அவர் கேட்காமலே இருந்ததால்தான் அவர்கள் கொடுக்கவில்லை.

எனக்கு இந்த ஏற்பாட்டில் கஷ்டமே இருக்காது என்று நினைத்திருந்தேன். முதல் மூன்று மாதத்தில் மகளுக்கு நான் கட்டிய அபராதம் நூற்றி எழுபது. அவர் கட்டியது பத்து. ஒரு நாள் வண்டிக்கு நீலமும் சிவப்புமாக எரிகிற ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு வந்தார். பாட்டு கிளியனூர்வரை கேட்கும். நான் வாசலில் நின்று பார்த்தேன். கேட்கக் கூடாது, கேட்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"நல்லா இருக்குதா?" என்றார்.

"நல்லாதான் இருக்குது. எவ்ளோ?"

உள்ளேயிருந்து மகள், "பத்து ரூபா!" என்று கத்தினாள்.

லேப் பெண்ணின் கணவர் விட்ட பெருமூச்சைப் போல நானும் ஒன்று விட்டேன். பெருமூச்சுக்கும் அபராதம் உண்டா என்று வீட்டில் ஒரு விவாதம் நடந்தது. ஐந்து ரூபாய் என்று முடிவானது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த ஸ்பீக்கரைப் பார்த்து எனக்கு எரிச்சல் வந்ததே தவிர பயம் வரவில்லை. முன்பெல்லாம் அவர் கையில் ஒரு பையைப் பார்த்தாலே பீரோவுக்குப் போய்ப் பணத்தை எண்ணிப் பார்ப்பேன், எங்கிருந்து எடுத்தாரோ என்று. இப்போது அரிசி இருக்கிறது, தவணை கட்டியாயிற்று, ஆர்.டி. போயாயிற்று. ஸ்பீக்கர் எங்கள் மழைக்காலத்தைத் தொடவில்லை.

மழை அந்த வருஷம் நன்றாகவே பெய்தது. வண்டிக்கும் பதினைந்து நாள் வாடகை இல்லை. அதோடு கியர் பாக்ஸும் போயிற்று. ஒதுக்கி வைத்த பணத்தில் பெரும்பகுதி அதற்கே போனது. கைச்செலவை எப்படிக் குறைக்கச் சொல்வது என்று நான் தயங்கிக்கொண்டிருந்தேன். நவம்பர் முதல் தேதிக்கு முந்திய நாள் அவரே சொன்னார்.

"வர்ற ரெண்டு மாசமும் ஆளுக்கு எழுநூத்தம்பது போட்டுக்கலாம். ரெண்டு பேருக்கும்தான், எனக்கு மட்டும் இல்ல."

பதினெட்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் செலவைக் குறைக்கலாம் என்று அவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அவர் மேல் ஆசையாக இருந்தது. சொல்ல வெட்கம். அன்று தோசையில் முட்டை இரண்டு உடைத்து ஊற்றிக் கொடுத்தேன்.

தை பிறந்து பாத்தி வேலை ஆரம்பித்தது. கைச்செலவும் பழையபடி ஆயிரத்து ஐந்நூறு ஆனது. அவர் பணம் மாதக் கடைசிவரை வரக் கற்றுக்கொண்டது. என் பணம்தான் அசையவே இல்லை. அபராதம் போக அப்படியே கிடந்தது. மே மாதம் ஒரு நாள் அதை எடுத்து இன்னொரு ஆர்.டி. போடலாமா என்று பேச்சுவாக்கில் சொன்னேன். மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, சேத்து வெக்கத்தான் தனியா ஒதுக்கியாச்சே. இது உனக்கு. உனக்குன்னா உனக்கு. உனக்கு ஒண்ணுமே வேணாமா?"

அந்தக் கேள்வியோடு நான் பல நாள் இருந்தேன். டியூட்டியில், பஸ்ஸில், துணி காயப்போடும்போது. புடவை வேண்டுமா? வேண்டாம். நகை? வேண்டாம். வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி அந்த இடமே மரத்துப்போயிருந்தது. ஒரு நாள் நிலையத்தில் ஒரு பிரிவுபசாரத்துக்குக் குரூப் போட்டோ எடுத்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நான் வழக்கம்போல உதட்டை மூடிக்கொண்டேன். என் முன்பற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். பள்ளிக்கூடத்தில் வைத்த பட்டப்பெயர் ஒன்று உண்டு, அதை இங்கே எழுதப்போவதில்லை. சிரித்தால் கை தானாக வாய்க்குப் போகும். போட்டோவைப் பார்த்த அன்று இரவே முடிவு செய்துவிட்டேன்.

ஜூன் மாதம் புதுச்சேரியில் ஒரு பல் டாக்டரிடம் போனேன், தனியாக. நாற்பத்திரண்டு வயதில் கம்பி போட முடியுமா என்று கேட்டேன். ஈறு உறுதியாக இருக்கிறது, போடலாம், கொஞ்சம் கூட நாளாகும் என்றார். முதலில் பத்தாயிரம், பிறகு இருபது மாதம், மாதம் ஆயிரத்து இருநூறு. மனதுக்குள் கணக்குப் போட்டேன். என் கணக்கில் பதினோராயிரத்துக்கு மேல் இருந்தது. மாதத் தவணை போக கையில் முந்நூறு மிஞ்சும். மொத்தம் மூவாயிரத்துக்கு மேல்தான், ஆனால் அது என் காசு. அந்த வரம்பு கைச்செலவுக்கு இல்லை. அடுத்த வாரம் போய்க் கம்பி போட்டுக்கொண்டேன். பணம் கட்டும்போது நோட்டுகளை இரண்டு முறை எண்ணினேன். பொய் சொல்லவில்லை, திரும்பி வந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து, "சாப்டீங்களா?" என்று கேட்டேன். வாய் திறந்ததும் அவர் பார்த்துவிட்டார்.

"இன்னாது அது?"

"கம்பி."

"கம்பின்னா... நம்ம பொண்ணுக்குப் போடற வயசுல..." அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. 'எவ்ளோ' என்ற வார்த்தை அவர் தொண்டையில் ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்தேன். மகள் வாசற்படியில் கையை நீட்டிக்கொண்டு தயாராக நின்றாள். அவர் கேட்கவில்லை. எழுந்து தண்ணீர் குடித்தார். கொஞ்ச நேரம் கழித்து வேறு ஒன்று கேட்டார்.

"வலிக்குதா?"

"வலிக்குது."

அன்று ராத்திரி சாப்பாடு கஞ்சியாக மாறியது. அவரே வைத்தார். அரிசி அடிப்பிடித்துவிட்டது. குடித்தேன்.

இது மருத்துவச் செலவு மாதிரிதானே, பொதுக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளேன் என்று மறுநாள் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். பொதுக் கணக்கிலிருந்து எடுத்தால் அது குடும்பம் எனக்குச் செய்ததாகிவிடும். இது நான் எனக்குச் செய்துகொண்டதாக இருக்கட்டும் என்று தோன்றியது. அதை அவரிடம் இவ்வளவு தெளிவாகச் சொல்ல வரவில்லை. "என் காசுல போடறேன், எனக்கு அப்படித்தான் புடிச்சிருக்குது," என்றேன். அவர் ஸ்பீக்கரை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, உடனே தலையாட்டினார்.

அக்டோபரில் ஒரு வருஷம் முடிந்ததும் மறுபடி உட்கார்ந்தோம். தொகையை ஏற்றலாமா என்று கேட்டேன். வேண்டாம், இதுவே போதும், ஆனால் முதல் தேதி மொத்தமாகப் போடாமல் ஒன்றாம் தேதி பாதி, பதினாறாம் தேதி பாதி போடு என்றார். "என்னைப் பத்தி எனக்குத் தெரியும்," என்றார். இரண்டு பாஸ் புத்தகங்களும் இப்போது டிவி மேசை இழுப்பறையில், வண்டிப் புத்தகத்தோடு கிடக்கின்றன. கைமாற்றில் மூவாயிரம் இன்னும் வரவில்லை. அது வராது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

சண்டை நின்றுவிட்டதா என்றால் இல்லை. போன மாதம் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க முடிவு செய்தோம். காசு பொதுவில் ஒதுக்கியாயிற்று, அதில் தகராறே இல்லை. முன் சுவருக்கு அவர் கிளிப்பச்சை வேண்டும் என்றார். நான் வெளிர் மஞ்சள் என்றேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் பெயிண்டர் வந்து வாசலில் நின்று, "என்னம்மா, எந்தக் கலர்?" என்று கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் வேறு வேறு பெயரைச் சொன்னோம்.